ஸ்லீவ் செய்தவர்களுக்குச் சத்து மாத்திரை ஏன் நிற்பதில்லை

கேள்வி: “எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் செய்து இரண்டரை வருடம் ஆகிறது. 108 கிலோவிலிருந்து 71-க்கு வந்துவிட்டேன். வயது 36, சைவம். சர்க்கரை மாத்திரையே நிறுத்தியாச்சு, ஆனால் சத்து மாத்திரை மட்டும் ஆயுசுக்கும் வேண்டும் என்கிறார்கள். ஹீமோகுளோபின் 12.1, கால்சியம் 9.2, இரண்டும் நார்மல். ஆறு மாதமாக எதையும் போடவில்லை, ஒன்றும் ஆகவில்லை. முடி மட்டும் கொட்டுகிறது, அதற்கு பயோட்டின் எடுக்கிறேன். ஸ்லீவில் குடலைத் தொடுவதே இல்லையே, அப்புறம் எதற்கு ஆயுசுக்கும்? இது வியாபாரமா?”

குடலைத் தொடவில்லை என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் வெட்டி எடுத்த இரைப்பை வெறும் பை அல்ல. எடை குறைப்பு அறுவைப் பிரிவில் உணவியல் ஆலோசகராக 12 ஆண்டுகள் இருந்ததில், மாத்திரையை நிறுத்திவிட்டு “ஒன்றும் ஆகவில்லையே” என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் சொன்ன அன்றைக்கு அது உண்மையாகவே இருக்கும். ஊசி போடுவதும் மருந்தின் அளவை முடிவு செய்வதும் மருத்துவர் வேலை. உணவு, மாத்திரை, ரத்தப் பரிசோதனை முடிவை எப்படிப் படிப்பது என்பவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வாழைக்காய் போல ஒரு குழாய்தான் மிஞ்சும். போன பகுதியில் அமிலம் சுரக்கும் செல்கள் ஏராளமாக இருந்தன. அதே செல்கள்தான் பி12-ஐக் கையில் பிடித்துக் கொண்டுபோய்ச் சிறுகுடலின் கடைக்கோடியில் சேர்க்கும் ‘இன்ட்ரின்சிக் ஃபேக்டர்’ என்ற புரதத்தையும் சுரந்தன. அமிலம் குறைந்தால் இரும்பும் சிலவகைக் கால்சியமும் சரியாகக் கரையாது. அந்தப் புரதம் குறைந்தால் பி12 ஏறாது. நான்கு இட்லி சாப்பிட்ட இடத்தில் இப்போது ஒன்றரை இட்லிதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலருக்கு அறுவைக்குப் பின் எதுக்களிப்புக்கான அமிலத் தடுப்பு மாத்திரையும் நீண்ட நாள் தொடரும், அது இருக்கிற கொஞ்சம் அமிலத்தையும் அடக்கிவிடும். மிஞ்சிய குழாய் வருடங்கள் போகப் போகச் சற்று விரியலாம், ஆனால் வெட்டிப்போன பகுதி திரும்ப முளைப்பதில்லை. ஆயுசுக்கும் என்று சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

அப்படியானால் ஆறு மாதமாக ஏன் ஒன்றும் ஆகவில்லை? உடம்பு ஒரு பத்தாயம் மாதிரி. வரவு நின்றாலும் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சத்துக்கும் இருப்பின் அளவு வேறு. தயமின் எனும் பி1 இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். மாதவிலக்கு வருகிற பெண்ணுக்கு இரும்பு சில மாதங்கள் முதல் ஓரிரு வருடம் வரை தாங்கும். கல்லீரலில் சேர்த்து வைத்த பி12 இரண்டிலிருந்து ஐந்து வருடம் ஓடும். கால்சியத்துக்கோ எலும்புக்கூடே கிடங்கு, காலியாகிக்கொண்டிருப்பது பல வருடங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் பார்த்த இரண்டு எண்களும், ஹீமோகுளோபினும் கால்சியமும், கதவுக்கு வெளியே எடுத்து வைத்த நெல்லின் அளவைத்தான் சொல்கின்றன. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அவை சொல்லாது.

பி1 கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனால் இதைப் படிக்கிற, சமீபத்தில் அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது இதுதான். விவரங்களைச் சற்று மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 29 வயது இளைஞர், ஸ்லீவ் முடிந்து ஆறாவது வாரம். 12 நாளாக எது குடித்தாலும் வாந்தி. ஊரில் ஒரு சிறிய மருத்துவமனையில் தெம்புக்காக குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றார், நடை தள்ளாடியது, பேச்சில் குழப்பம். குடித்திருக்கிறானோ என்று வீட்டில் சந்தேகப்பட்டார்கள். பி1 இருப்பு அடிமட்டத்துக்கு வந்தவருக்கு குளுக்கோஸை ஏற்றினால், அந்தச் சர்க்கரையை எரிக்கவே மிச்சமிருக்கும் பி1 செலவாகி மூளை பட்டினி கிடக்கும். வெர்னிக்கே என்று பெயர். பி1 ஊசியை அதிக அளவில் நரம்பு வழியாகக் கொடுத்தபின் கண் இரண்டு நாளில் சரியானது. நடை சரியாக நான்கு மாதம் பிடித்தது. அவர் கொடுத்துவைத்தவர். தாமதமானால் ஞாபகசக்தி திரும்பாமலே போவதுண்டு.

எனவே அறுவை செய்துகொண்டவர் இரண்டு மூன்று நாளுக்கு மேல் விடாமல் வாந்தி எடுத்தால், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: “எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் போடுங்கள்.” ரத்தத்தில் பி1 அளவு பார்த்துவிட்டுப் போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. அந்த முடிவு வரவே நாளாகும், பி1 ஊசியால் பெரிதாகக் கெடுதலும் இல்லை. இது ஒன்றும் புதிய நோயும் அல்ல. அரிசியை வெள்ளையாகத் தீட்டித் தின்ற ஊர்களில் பெரிபெரி என்று வந்த அதே குறைதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கலரிசி சாப்பிட்டவர்களுக்கு அது குறைவாகவே வந்தது. இன்று அதே புழுங்கலரிசி வீட்டில் இருந்தாலும், உள்ளே போகிற அளவு நான்கு ஸ்பூன்தான் என்றால் காப்பாற்றாது.

இனி உங்களுடைய விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முதல் கவலை பி12. இரண்டரை வருடம், சைவம், இதற்கு முன் சர்க்கரை மாத்திரை. அது மெட்ஃபார்மினாக இருந்திருந்தால், அதுவும் பி12 ஏறுவதைக் குறைக்கும். அதாவது உங்கள் பத்தாயம் அறுவை மேசைக்குப் போகும்போதே அரைகுறையாக இருந்திருக்கலாம். தயிரும் பாலும் சைவர்களுக்கு ஓரளவு பி12 கொடுக்கும். ஆனால் உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும், பிரித்ததை ஏற்றிவிட அந்த இன்ட்ரின்சிக் ஃபேக்டர் வேண்டும். உங்களுக்கு இரண்டும் குறைவு.

ஒரு நாளைக்கு நமக்குத் தேவையான பி12 இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம். மாத்திரையிலோ 500, 1000 என்று போட்டிருக்கும். இதைப் பார்த்துத்தான் பலர் வியாபாரம் என்று சந்தேகப்படுகிறார்கள். கணக்கு இப்படி: ஏற்றிவிட ஆள் இல்லாதபோது, வாயால் விழுங்கும் பி12-இல் சுமார் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராம் விழுங்கினால் 10 உள்ளே சேரும். அதனால்தான் அவ்வளவு பெரிய அளவு. பேரியாட்ரிக் எனப்படும் எடை குறைப்பு அறுவைக்கான அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்படி வாயால் என்றால் தினமும் 350 மைக்ரோகிராமாவது வேண்டும், ஊசி என்றால் மாதம் 1000. பிரிட்டனில் மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி என்று வைத்திருக்கிறார்கள். எந்த இடைவெளி சரி என்பதில் இப்படிக் கருத்து வேறுபாடு இருக்கிறது. பி12 வேண்டும் என்பதில் வேறுபாடு கிடையாது.

பி12 குறைவது ரத்தத்தில் தெரிவதற்கு முன்பே நரம்பில் தெரியலாம். காலில் எறும்பு ஊர்வது போல, பஞ்சில் நடப்பது போல ஆரம்பிக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சத்துக்காக என்று ஃபோலிக் அமிலம் கலந்த இரும்பு டானிக் மட்டும் குடித்து வந்தால், பி12 இல்லாவிட்டாலும் ரத்தசோகை ஓரளவு சரியாகி ஹீமோகுளோபின் நன்றாகவே நிற்கும். தண்டுவடம் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று, இரும்பு குறைந்தால் ரத்த அணு சிறுக்கும், பி12 குறைந்தால் பருக்கும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தவருக்குச் சராசரி அளவு நார்மல் என்று வந்துவிடும். ஆய்வகத் தாளில் சிவப்பு வட்டம் விழாது. பி12 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். 200-க்கும் 350-க்கும் நடுவே வந்தால் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மெத்தில்மலோனிக் அமிலம் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, செலவு அதிகம். வசதியில்லை என்றால், அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு அந்த எண்ணைக் குறைவு என்றே எடுத்துக்கொண்டு மருந்து கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

ஹீமோகுளோபின் 12.1 என்கிறீர்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. அதாவது நீங்கள் கோட்டின் மேல் நிற்கிறீர்கள். இரும்பின் இருப்பைச் சொல்வது ஃபெரிட்டின். அது 15-க்குக் கீழே இறங்கினால் கிடங்கு காலி, 30-க்குக் கீழேயே எங்களைப் போன்றவர்கள் உஷாராகிவிடுவோம். கிடங்கு முழுக்கக் காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பிக்கும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிலக்கில் 40 மில்லி போனால் 20 மில்லிகிராம் இரும்பு போய்விடும், அதிகப் போக்கு உள்ளவர்களுக்கு இதில் இரண்டு மூன்று மடங்கு. ஒன்றரை இட்லியும் அரைக் கப் கீரையும் இதை ஈடுகட்டாது. ஃபெரிட்டின் பரிசோதனை செய்யாமலே ஒன்றைக் கேட்டுப் பார்ப்பேன்: ஐஸ் கட்டியை நறநறவென்று மெல்லத் தோன்றுகிறதா, பச்சரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறீர்களா, மண்வாசனை வந்தால் நாக்கு ஊறுகிறதா? வெட்கப்பட்டுக்கொண்டு ஆமாம் என்று சொல்பவர்களில் பலருக்கு இரும்பு தரைமட்டத்தில் இருக்கும்.

கால்சியம் 9.2 என்பது இன்னும் பெரிய மாயை. இதயமும் தசையும் இயங்க ரத்தக் கால்சியம் ஒரே அளவில் நிற்க வேண்டும், அதை உடம்பு எப்பாடுபட்டாவது காப்பாற்றும். வாய் வழியாக வரவு குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி ஹார்மோனை அதிகமாக விட்டு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். தாளில் 9.2 என்று அழகாக வரும், செலவழிவது இடுப்பெலும்பு. ஆகவே பார்க்க வேண்டியது கால்சியத்தை மட்டும் அல்ல, பாராதைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் டியையும் சேர்த்து.

ஒரு முழுக் கணக்கைச் சொன்னால் இதெல்லாம் ஒன்றாகப் புரியும். 41 வயது ஆசிரியை, ஸ்லீவ் முடிந்து மூன்று வருடம். உங்களைப் போல அல்ல, ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை. சோர்வு, கால் குடைச்சல் என்று வந்தார். ஹீமோகுளோபின் 11.4, ஃபெரிட்டின் 6, பி12 186, கால்சியம் 9.1, வைட்டமின் டி 13, பாராதைராய்டு ஹார்மோன் 104. கடைசி எண் 65-க்குள் இருக்க வேண்டியது. மாத்திரை போடுகிறவருக்கு இப்படியா என்று அவரே அதிர்ந்துபோனார். எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். காலை ஐந்தரைக்கு எழுந்ததும், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், கால்சியமும் இரும்பும் மல்டிவைட்டமினும் ஒரே வாயில், ஃபில்டர் காபியோடு. கால்சியம் இரும்பை உள்ளே விடாது. காபியிலுள்ள பாலிஃபீனால்கள் மிச்ச இரும்பையும் பிடித்துக்கொள்ளும். அவர் போட்ட கால்சியம் கார்பனேட் வகை. அது கரைய அமிலமும் சாப்பாடும் வேண்டும், அவர் வயிற்றில் அந்த நேரம் இரண்டும் இல்லை. மூன்று வருடம் காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி கழிப்பறைக்குப் போயிருக்கிறது.

என்ன மாற்றினோம்? கால்சியம் கார்பனேட்டை நிறுத்திவிட்டு சிட்ரேட் வகை. அது அமிலம் இல்லாமலும் ஏறும். ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால் குடல் ஏற்றுக்கொள்ளாது என்பதால் மதியம் ஒன்று, மாலை ஒன்று. மல்டிவைட்டமின் காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு, காபி அதற்கு ஒரு மணி நேரம் தள்ளி. இரும்பு இரவு படுக்கும் முன், எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரோடு. கால்சியத்துக்கும் இரும்புக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. பி12-க்கு மருத்துவர் ஊசி எழுதினார். வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று, எட்டு வாரம். நான்கு மாதம் கழித்துப் பார்த்ததில் டி 34, பாராதைராய்டு 61, பி12 நன்றாக ஏறிவிட்டது. ஃபெரிட்டின் மட்டும் 6-லிருந்து 14-க்குத்தான் வந்தது. மாதவிலக்குப் போக்கு அதிகம் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. கடைசியில் இரும்பை நரம்பு வழியாக ஏற்ற வேண்டியதாயிற்று, மகப்பேறு மருத்துவரிடமும் அனுப்பினோம். வாய்வழி இரும்பு எல்லோருக்கும் போதுமென்று சொல்ல முடியாது. மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் ஃபெரிட்டின் அசையவில்லை என்றால் டோஸைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை, வயிறுதான் கட்டும்.

கால்சியம் பெட்டியைப் படிக்க ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். முன்பக்கம் 1000 என்று பெரிதாக எழுதியிருக்கும், அது கால்சியம் சிட்ரேட் என்ற உப்பின் எடையாக இருக்கலாம். அதில் உண்மையான கால்சியம் சுமார் 210 மில்லிகிராம்தான். பின்பக்கச் சிறிய எழுத்தில் ‘எலிமெண்டல்’ என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஸ்லீவ் செய்தவருக்கு ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வேண்டும், ஆனால் அது உணவையும் சேர்த்து. ஒரு டம்ளர் பாலும் இரண்டு சிறு கிண்ணம் தயிரும் எடுப்பவருக்கு அதிலேயே 500 வந்துவிடும். மிச்சம் 700 முதல் 1000 வரை மாத்திரையில் போதும். பால் பிடிக்காதவர்கள் கேழ்வரகை நம்பலாம், 30 கிராம் மாவில் சுமார் 100 மில்லிகிராம். கால்சியம் போட்டால் சிறுநீரகக் கல் வரும் என்ற பயம் நம்மூரில் எல்லோருக்கும் உண்டு. குடலின் ஒரு பகுதியைத் தாண்டிவிடும் பைபாஸ் என்ற இன்னொரு வகை எடை குறைப்பு அறுவை செய்தவர்களுக்குக் கல் வருவது கூடுதல்தான், ஆனால் அதற்குக் காரணம் கால்சியம் மிகுதி அல்ல. செரிக்காத கொழுப்பு குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ஆக்சலேட் கட்டுப்பாடின்றி ரத்தத்துக்குள் போகிறது. சாப்பாட்டோடு எடுக்கும் கால்சியம் சிட்ரேட் அதைத் தடுக்கத்தான் செய்யும். ஏற்கெனவே கல் வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுக்கவும்.

முடிக்கு வருவோம். அறுவைக்குப் பின் மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை கொத்துக் கொத்தாகக் கொட்டுவது சகஜம். உடம்புக்கு ஏற்பட்ட அதிர்ச்சியால் வருவது, பெரும்பாலும் தானாக நிற்கும். உங்களுக்கு இரண்டரை வருடத்தில் கொட்டுகிறது. இது அந்தக் கணக்கில் வராது. இரும்பு, புரதம், துத்தநாகம், தைராய்டு இந்த நான்கையும்தான் முதலில் சந்தேகிப்பேன். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு பயோட்டின் முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. அதைவிட முக்கியமாக, அது உங்கள் ரத்தப் பரிசோதனையைக் கெடுக்கும். ஒரு நாளைக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம். முடிக்கு விற்கும் மாத்திரையில் 10,000 இருக்கும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் ஹார்மோன்களை அளக்கின்றன. ரத்தத்தில் அது நிறைய மிதந்தால் பி12 இருப்பதைவிட அதிகமாகவும், பாராதைராய்டு ஹார்மோனும் தைராய்டின் டிஎஸ்ஹெச்சும் குறைவாகவும் காட்டக்கூடும். உங்களுக்கு எது தெரிய வேண்டுமோ அதையே மறைத்துவிடும்.

முடிக்காகவே துத்தநாக மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். 50 மில்லிகிராம் ஜிங்க்கை மாதக்கணக்கில் விழுங்கினால் குடல் செல்கள் தாமிரத்தை உள்ளேயே பூட்டிவிடும். தாமிரம் குறைந்தால் வருவதும் ரத்தசோகை, கால் மரத்தல், தள்ளாட்டம்தான். அச்சு அசல் பி12 குறைபாடு போலவே இருக்கும், பி12 ஊசி போட்டும் சரியாகாது. அரிதுதான், ஆனால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. 8 முதல் 15 மில்லிகிராம் துத்தநாகத்துக்கு 1 மில்லிகிராம் தாமிரம் என்ற விகிதத்தில் ஒரே மல்டிவைட்டமினில் இரண்டும் இருந்தால் போதும்.

பைபாஸ், மினி பைபாஸ் செய்தவர்களுக்கு நான் சொன்ன எல்லாமே இன்னும் ஒரு படி கூடுதலாகப் பொருந்தும். அவர்களுக்கு இரும்பும் கால்சியமும் அதிகமாக ஏறுகிற முன்சிறுகுடல் வழியாக உணவு போவதே இல்லை. மினி பைபாஸில் குடலில் எவ்வளவு நீளம் தாண்டிவிட்டார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்த நீளத்தை உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எந்த மருத்துவர் பார்த்தாலும் அதைத்தான் கேட்பார். எலும்பு முறிவு பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பைபாஸுக்குப் பிறகு முறிவு அதிகரிக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு, ஸ்லீவுக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. ஸ்லீவுக்கு எழுதப்படும் கால்சியம் அளவு, ஓரளவு பைபாஸிலிருந்து எடுத்துக்கொண்ட எச்சரிக்கைதான். பி12, இரும்பு, டி மூன்றும் அப்படி அல்ல, ஸ்லீவிலும் அவை குறைவதை நேரடியாகவே பார்க்கிறோம்.

வியாபாரமா என்ற கேள்விக்கு: ஓரளவு உண்டு. மருத்துவமனை வாசலில் விற்கும் விலையுயர்ந்த ‘பேரியாட்ரிக்’ டப்பாதான் வேண்டும் என்று இல்லை. தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த ஒரு நல்ல மல்டிவைட்டமின், கால்சியம் சிட்ரேட், மாதவிலக்கு உள்ள பெண் என்றால் மொத்தம் 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு, பி12, வைட்டமின் டி. இவை ஐந்தும் சாதாரண மருந்துக் கடையில் கிடைக்கும். மிட்டாய் போன்ற கம்மி வகைகளில் பலவற்றில் இரும்பே இருக்காது, தயமினும் இருக்காது. பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். புரதப் பொடியும் கட்டாயம் அல்ல. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் பன்னீரில் 18, 30 கிராம் சோயாவில் 15, இரண்டு டம்ளர் பாலில் 13, அப்புறம் பருப்பு, சுண்டல் என்று சைவத்திலேயே எட்டிவிடலாம். முதலில் புரதத்தைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போக வேண்டும், சோற்றில் தொடங்கினால் வயிறு நிரம்பிவிடும்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது, மாத்திரையை அவசரமாக ஆரம்பிப்பதற்கு முன் ரத்தம் கொடுப்பது. ஒரு வாரம் பி12 போட்டுவிட்டுப் பார்த்தால் எண் ஏறிவிடும், பழைய நிலை தெரியாமலே போய்விடும். பயோட்டினை இன்றே நிறுத்துங்கள், மூன்று நாள் கழித்துக் கொடுங்கள். முழு ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், கால்சியம், அல்புமின், டிஎஸ்ஹெச், துத்தநாகம். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது போகாதீர்கள், ஃபெரிட்டின் அப்போது பொய்யாக உயர்ந்து காட்டும். முடிவு எப்படி வந்தாலும் அறுவை மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ காட்டி அளவைத் தீர்மானித்துவிட்டு, பிறகு வருடம் ஒருமுறை இதே பட்டியலைப் பாருங்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபோலிக் அமிலத்தின் அளவு மாறும், ரெட்டினால் வடிவிலுள்ள வைட்டமின் ஏவுக்குப் பதில் பீட்டா கரோட்டின் வடிவம் வேண்டியிருக்கும்.

இன்று இரவே வீட்டில் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது உடம்பு ஆடுகிறதா, நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் இரண்டடி போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறீர்களா, இருட்டில் மாடிப்படி இறங்கச் சுவரைப் பிடிக்கத் தோன்றுகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், மேலே சொன்ன மூன்று நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே மருத்துவரைப் பாருங்கள், பயோட்டின் எடுப்பதை அவரிடம் சொல்லிவிட்டு.